நலம் என்று மட்டும் எழுதாதே

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பேத்திக்குத் திருவனந்தபுரத்துப் பாட்டி எழுதிய கடிதத்தில் ஆசீர்வாதம் குறைவு, கணக்கு அதிகம்.

திருவனந்தபுரம் கரமனையில் ஆறு சென்ட் நிலத்தில் நிற்கும் அந்த ஓட்டு வீட்டின் பத்திரம் இப்போது வங்கியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. வீட்டின் உரிமையாளருக்கு வயது 84. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து 1996-ல் ஓய்வு பெற்றவர். பத்திரத்தை அடமானம் வைத்துப் பெற்ற 20 லட்சம் ரூபாய் கடனில் அவருடைய 22 வயதுப் பேத்தி 2025 செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் பொது சுகாதாரம் படிக்கப் புறப்பட்டார். புறப்படுவதற்கு முந்தின இரவு, எட்டுப் பக்கக் கடிதம் ஒன்றைப் பாட்டி அவருடைய பெட்டியில் துணிகளுக்கு மேலாக வைத்தார்.

கடிதம் தமிழில் இருந்தது. பேத்தி படித்ததெல்லாம் மலையாளமும் ஆங்கிலமும்தான். தமிழைச் சரளமாகப் பேசுவார். ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடியும். அதுவும் சிறு வயதில் இதே பாட்டி சிலேட்டில் எழுதிக் காட்டியதால் வந்தது. "மலையாளத்தில் எழுதியிருந்தால் விமானம் கிளம்புவதற்குள் படித்து முடித்து மடித்து வைத்திருப்பாள். தமிழ் என்றால் மெதுவாகத்தான் போக முடியும். மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம் அது" என்கிறார் பாட்டி. குடும்பத்தின் பெயரை வெளியிட வேண்டாம் என்ற நிபந்தனையின் பேரில்தான் கடிதத்தின் நகலைக் காட்டச் சம்மதித்தார்.

கேரளத்தில் இது தனி ஒரு வீட்டின் கதையல்ல. 1998 முதல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுக்கப்பட்டுவரும் கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி, 2018-ல் வெளிநாட்டில் இருந்த கேரள மாணவர்கள் சுமார் 1.3 லட்சம் பேர். 2023 ஆய்வில் அது சுமார் 2.5 லட்சமாகியிருந்தது. ஐந்தே ஆண்டில் ஏறக்குறைய இரு மடங்கு. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பெண்கள். ஒரு காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள் பணம் அனுப்பினார்கள். இப்போது படிக்கப் போகிறவர்களுக்கு வீட்டிலிருந்து பணம் போகிறது. வீட்டுப் பத்திரம் பெரும்பாலும் தாத்தா அல்லது பாட்டியின் பெயரில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு ஒரு தனிக் கனம்.

பேத்தி வேறு மாதிரியான புத்திமதிகளை எதிர்பார்த்தார். "விரதம், சாப்பாடு, பையன்கள் இதைப் பற்றித்தான் ஆச்சி எழுதியிருப்பாள் என்று நினைத்தேன்" என்கிறார் தொலைபேசியில். எட்டுப் பக்கத்தில் கல்யாணம் என்ற சொல் ஓரிரு இடங்களில்தான் வருகிறது. அதுவும் மற்றவர்களின் கல்யாணம்.

சிரிப்பவர்களிடம் கற்றுக்கொள்

கடிதம் நாகர்கோவிலில் தொடங்குகிறது. பாட்டி பிறந்தது 1941-ல், அப்போதைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். 1954 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவருக்கு 13 வயது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. "மக்களே, ராத்திரி ஒரு ராஜ்யத்தில் படுத்து, காலையில் இன்னொரு ராஜ்யத்தில் எழுந்தவள் நான். கட்டில்கூட நகரவில்லை" என்று எழுதுகிறார்.

ஆறு வருடம் கழித்துத் திருமணமாகி, 65 கிலோமீட்டர் தள்ளியிருந்த திருவனந்தபுரத்துக்கு வந்தார். அந்தத் தூரத்துக்குள் மாநிலம் மாறிவிட்டது. ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தாலும் மலையாளம் எழுதத் தெரியாமல் வேலை கிடைக்காது. 23 வயதில், பக்கத்து வீட்டு ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் பாடப் புத்தகத்தை வாங்கி எழுத்துப் படித்தார். பேசினால் தெருவில் சிரித்தார்கள்.

இங்கே கடிதம் ஒரு நடைமுறை விஷயத்தைச் சொல்கிறது. படித்தவர்கள் அவருடைய பிழைகளைத் திருத்தவில்லை. மரியாதைக்காகக் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிட்டார்கள். சிரித்தவர்கள் மீன்காரியும் பள்ளிக்கூடத்து ஆயாவும்தான். "அவர்களிடம்தான் கேட்டேன், எதற்குச் சிரித்தாய், நீ சொன்னால் எப்படிச் சொல்வாய் என்று. தினம் ஐந்து வார்த்தை நோட்டில் எழுதினேன். எட்டு மாதத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை."

பேத்திக்கு இதில் என்ன இருக்கிறது? நன்றாக ஆங்கிலம் தெரிந்துதான் அவர் போகிறார். ஆனால் தேர்வில் மதிப்பெண் வாங்கித் தந்த ஆங்கிலம் வேறு, வட இங்கிலாந்தில் பேருந்து ஓட்டுநரும் கடைக்காரரும் பேசும் ஆங்கிலம் வேறு. புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டுவதுதான் முதல் மாதத்தில் எல்லோரும் செய்யும் தவறு. வகுப்பில் தலையாட்டினால் பாடம் போகும். வீட்டு ஒப்பந்தத்தில் தலையாட்டினால் பணம் போகும். ஒரே விஷயத்தை மூன்று முறை திருப்பிக் கேட்க வெட்கப்படாதே என்பது பாட்டியின் விதி.

தன் மொழிக்காரர்களை விட்டு விலகி இரு என்று அவர் சொல்லவில்லை. காய்ச்சலில் கஞ்சி வைத்துத் தர அவர்கள் வேண்டும். "நம்மவர்கள் இருக்கும் வீட்டில் தூங்கு. மற்றவர்களோடு சாப்பிடு" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்.

ஒரு கையெழுத்தின் விலை

மூன்றாம் பக்கத்தில் 1974 வருகிறது. பாட்டியின் கணவர் தனியார் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. சம்பளம் 340 ரூபாய். அவருடைய நண்பர் ஒருவர் மாதம் 100 ரூபாய் வீதம் 50 மாதச் சிட்டி ஒன்றில் சேர்ந்திருந்தார். பத்தாவது மாதம் அவசரப் பணத்தேவை. 5,000 ரூபாய்ச் சிட்டியைத் தள்ளி ஏலம் கேட்டு 3,500 ரூபாய்க்கு எடுத்தார். சிட்டியை எடுத்தவர் மீதித் தவணைகளை ஒழுங்காகக் கட்டுவார் என்பதற்குச் சம்பளக்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும். பாட்டியின் கணவர் கையெழுத்துப் போட்டார். வீட்டில் சொல்லவில்லை.

நண்பர் நான்கு தவணை கட்டினார். பிறகு ஊரில் இல்லை. மீதி 36 தவணை, 3,600 ரூபாய், கையெழுத்துப் போட்டவர் தலையில் விழுந்தது. மூன்று வருடம் சம்பளத்தில் மாதம் 100 ரூபாய் குறைந்தது. 340-ல் 100 போனால் என்ன மிஞ்சும் என்பதைப் பேத்தியே கழித்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுகிறார். ஆனால் அவருடைய கோபம் நண்பர் மேல் இல்லை. "அந்த மனுஷன் கெட்டவர் இல்லை. கட்டிவிடுவேன் என்று நம்பித்தான் எடுத்தார். பிணை போடும்போது ஆள் நல்லவனா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அது இல்லை. அவன் கட்டாமல் போனால் முழுவதையும் நான் கட்ட முடியுமா, கட்டச் சம்மதமா என்பதுதான் கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்றால் போடு."

சிட்டிக்கும் இங்கிலாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், அங்கே மாணவர்கள் வீடு எடுக்கும் முறையைப் பார்க்க வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுக்கும்போது பெரும்பாலும் ஒரே ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள். அப்படிப்பட்ட கூட்டு ஒப்பந்தத்தில் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு மட்டுமல்ல, முழு வாடகைக்கும் பொறுப்பாளி. ஒருவர் பாதியில் ஊர் திரும்பினால் அவருடைய பங்கை மற்றவர்களிடம் வசூலிக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. தனித்தனி அறைக்குத் தனித்தனி ஒப்பந்தம் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. வாடகை சற்று அதிகமாக இருக்கலாம். எந்த வகை ஒப்பந்தம் என்பதைப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரே தாளில் ஐந்து பெயர் இருந்தால் ஐந்து பேருக்கும் ஒரே கயிறு.

பேத்தியின் தகப்பனார் இதைப் பல்கலைக்கழகத்தின் விடுதி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு உறுதி செய்துகொண்டார். பேத்தி முதல் வருடத்துக்குத் தனி ஒப்பந்தத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறார்.

இரவல் நகை வேண்டாம்

கையெழுத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர் தானே 84 வயதில் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதன் கணக்கையும் கடிதத்தில் மறைக்கவில்லை.

பேத்தியின் படிப்புக்கும் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கும் சேர்த்துச் சுமார் 30 லட்சம். தகப்பனாரின் சேமிப்பு 10 லட்சம் போக, மீதி 20 லட்சம் கல்விக் கடன். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை ஈடு கேட்பதில்லை. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு வேண்டும். அப்படித்தான் கரமனை வீடு உள்ளே வந்தது. பாட்டியின் வயதைக் கருதி அவருடைய மகனையும் மகளையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியது வங்கி.

கடன் வாங்குவதற்கு முன் ஏஜெண்ட் ஒருவர் வேறு வழி சொன்னார். பிரிட்டன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, கட்ட வேண்டிய கட்டணமும் வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். அந்த 28 நாளுக்கு மட்டும் பணத்தைக் கணக்கில் போட்டு வைக்கத் தன்னிடம் ஆள் இருக்கிறது, வட்டி கொடுத்தால் போதும் என்றார். விசா வந்ததும் பணம் திரும்பிப் போய்விடும். மீதியை அங்கே போய் வேலை பார்த்துச் சமாளிக்கலாமாம்.

மகனுக்குச் சபலம் தட்டியது. பாட்டி தடுத்துவிட்டார். "கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டு அனுப்பின வீடுகளை எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் நகையைக் கழற்றிக் கொடுக்கும்போது பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். காட்டுவதற்கு மட்டும் இருக்கிற பணம் பணமல்ல, மக்களே" என்கிறது கடிதம்.

பாட்டியின் உள்ளுணர்வுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. கணக்கு உண்மையானதா என்று பிரிட்டன் அதிகாரிகள் வங்கியிடமே விசாரிக்கலாம். ஏமாற்று என்று தீர்மானித்தால் விண்ணப்பத்தை நிராகரிப்பதோடு பத்து வருடம் வரை நுழைவு மறுக்கவும் விதி உண்டு. இதைவிடக் கசப்பான விஷயம், இந்தப் பணம் பல சமயம் தேவையே இல்லை என்பது. முறைப்படி இயங்கும் வங்கி தரும் கல்விக் கடனின் அனுமதிக் கடிதமே உரிய விவரங்களோடு இருந்தால் பணச் சான்றாக ஏற்கப்படுகிறது. அதற்கு 28 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஏஜெண்டுகள் இதைச் சொல்வதில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர்கள் 1983-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். படிப்புக்கு மட்டும் அனுப்புபவர்கள் அந்த வலைக்குள் வருவதில்லை.

அடுத்து வட்டி. படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பதை வங்கிகள் ஒரு சலுகையாகச் சொல்கின்றன. தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை என்பதைக் கணக்கு வாத்தியாரம்மா ஒரு பக்கம் முழுக்கப் போட்டுக் காட்டுகிறார். 20 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, முழுத் தொகையும் முதல் நாளே கைக்கு வந்ததாக வைத்துக்கொள்ளலாம். தனிவட்டியாகப் பார்த்தாலும் வருடத்துக்கு 2 லட்சம், இரண்டு வருடத்தில் 4 லட்சம். கட்டாமல் விட்டால் அது அசலோடு சேர்ந்து 24 லட்சமாகும். 15 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 25,800 ரூபாய். மாறாக, அந்த இரண்டு வருடமும் வட்டியை மட்டும், அதாவது மாதம் சுமார் 16,700 ரூபாய் கட்டிவந்தால், கடன் 20 லட்சத்திலேயே நிற்கும். தவணை சுமார் 21,500. மாதம் 4,300 ரூபாய் வித்தியாசம், 180 மாதத்துக்கு ஏறக்குறைய 7.7 லட்சம். "இப்போது கட்டாத 4 லட்சம் பின்னால் கிட்டத்தட்ட இரட்டிப்பாக வரும். என் பென்ஷனில் இருந்து மாதம் 10,000 தருகிறேன். மீதி உன் அப்பா. உன்னிடம் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கு உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

தெரிந்திருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. தவணை தொடங்கிய பிறகு 90 நாள் பாக்கி நின்றால் வங்கி அதை வாராக் கடனாக வகைப்படுத்தலாம். பிறகு 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே ஈட்டுச் சொத்தை எடுத்துக்கொள்ள 2002-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. கேரளத்தில் ஜப்தி என்ற சொல்லைச் சத்தமாக உச்சரிக்க மாட்டார்கள். பாட்டியும் கடிதத்தில் அதை ஒரு முறைதான் எழுதியிருக்கிறார்.

இதே பக்கத்தில் ஓர் எச்சரிக்கை. பணம் குறையும்போது கூடுதல் நேரம் வேலை பார்க்க ஆசை வரும். பட்டப் படிப்பு மாணவர்களுக்குப் படிப்புப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சராசரி பார்க்க முடியாது. 21-வது மணி நேரம் விசாவையே விலையாகக் கேட்கலாம். "கையில் ரொக்கமாகத் தருகிறேன், கணக்கில் வராது என்று எவனாவது சொன்னால், அவன் உனக்கு உபகாரம் செய்யவில்லை. உன் குடுமி அவன் கையில் இருக்கும்."

அப்பாவுக்குத் தெரியாமல் ஆச்சியிடம்

ஆறாம், ஏழாம் பக்கங்களில் எழுத்து சற்றுக் கோணலாகிறது. அங்கே பாட்டியின் தம்பி வருகிறார்.

1977-ல், பம்பாய் ஏஜெண்ட் ஒருவருக்குப் பணம் கட்டி வளைகுடாவுக்குப் போனவர் அவர். மாதம் ஒரு கடிதம் வரும். எல்லாக் கடிதமும் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும், விரைவில் பணம் அனுப்புகிறேன் என்று முடியும். நாகர்கோவில் வீட்டில் அம்மா அதைத் திண்ணையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் வாசித்துக் காட்டச் சொல்வார். அந்த நம்பிக்கையில் 1978-ல் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. வட்டிக்குக் கடன் வாங்கி நடத்தினார்கள். தம்பி பணம் அனுப்பியதும் அடைத்துவிடலாம்.

தம்பி போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதமே கம்பெனி மூடிவிட்டது. பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டது. கிடைத்த கூலி வேலையைச் செய்துகொண்டு பத்துப் பேர் தங்கும் அறையில் படுத்திருந்தார். ஒரு கடிதத்திலும் அதை எழுதவில்லை. 1979-ல் ஒற்றைப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றார். கடனை அடைக்க வயலை விற்றார்கள்.

"அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. எங்களை வருத்தப்படுத்தக் கூடாது என்றுதான் மறைத்தான். மூன்றாம் மாதமே எழுதியிருந்தால் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப் போயிருக்கும். அவ்வளவுதான். வயல் இருந்திருக்கும். அவனும் இருந்திருப்பான்." தம்பி அதற்குப் பிறகு யாரிடமும் சரியாகப் பேசவில்லை, நாற்பது வயதைத் தாண்டவுமில்லை என்பதற்கு மேல் கடிதத்தில் விளக்கம் இல்லை. "அன்று முதல் நலம் என்ற சொல்லை நான் நம்புவதில்லை."

எனவே ஓர் ஏற்பாடு. ஒவ்வொரு ஞாயிறும் இந்திய நேரம் இரவு ஒன்பது மணிக்குப் பேத்தி அழைக்க வேண்டும். அங்கே மாலை நாலரை, அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்த பிறகு மூன்றரை. பாட்டி மூன்று கேள்விதான் கேட்பார். இன்று மதியம் என்ன சாப்பிட்டாய்? கையில் எத்தனை நாளுக்குப் பணம் இருக்கிறது? கடைசியாக யாரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினாய்?

எப்படி இருக்கிறாய் என்ற கேள்வி பட்டியலில் இல்லை. "அதற்கு நன்றாக இருக்கிறேன் என்றுதான் யாரும் சொல்வார்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் புரிந்ததா என்று கேட்டால் நாற்பதும் புரிந்தது என்கும். என்ன புரிந்தது, சொல் என்றால்தான் தெரியும்" என்று முப்பது வருட வகுப்பறை அனுபவத்தைச் சுருக்கிச் சொல்கிறார் பாட்டி. மூன்று கேள்விகளுக்கும் பதில் ஒரு பொருளாகவோ எண்ணாகவோ பெயராகவோ இருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் மூன்றாவது கேள்விக்குப் பெயர் வராவிட்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். சாப்பாட்டுக்கு 'ஏதோ சாப்பிட்டேன்' என்று பதில் வந்தாலும் அப்படியே. முகம் காட்டாமல் குரலில் மட்டும் பேசத் தொடங்கினாலும் அப்படியே.

அப்படி ஆகும்போது என்ன செய்வது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசனைப் பிரிவு எங்கே இருக்கிறது என்பதைத் தேவை வருவதற்கு முன்பே, முதல் வாரத்திலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும். டாக்டரிடம் பெயர் பதிவதையும் அதே வாரம் முடித்துவிட வேண்டும். விசாவோடு சேர்த்து மருத்துவத்துக்கான கட்டணம் கட்டியாகிவிட்டது. காய்ச்சல் வந்த பிறகு படிவம் நிரப்பக் கூடாது. படிப்பு பிடிக்கவில்லை, தாங்கவில்லை என்றால் அதை முதலில் பாட்டியிடம் சொல்ல வேண்டும். "உன் அப்பாவிடம் சொல்லப் பயமாக இருக்கும். வீடு போய்விடும் என்று நினைப்பாய். வீடு என்னுடையது. அது போனால் நான் பார்த்துக்கொள்வேன். ஒரு வீடு போனதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வயலும் ஒரு தம்பியும் போனதைப் பார்த்திருக்கிறேன். வயலுக்கு நான் அழவில்லை."

கடைசிப் பக்கம்

எட்டாம் பக்கம் அரைப் பக்கம்தான். தன் சாவைப் பற்றி எழுதியிருக்கிறார். அழைப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். உடனே டிக்கெட் எடுத்து ஓடி வராதே. வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பரீட்சை இருந்தால் எழுதிவிட்டு வா. அப்படியும் வரத்தான் வேண்டும் என்று தோன்றினால் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பு. மாணவர் விசாவில் இருப்பவர் சொல்லாமல் வகுப்புக்கு வராமல் போனால் அதைக் குடிவரவு அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு உண்டு என்பதை மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இதை எழுதியிருக்கிறார்.

இந்தப் பகுதியை எழுதியது பற்றிக் கேட்டால் பாட்டி சற்று நேரம் பேசாமல் இருக்கிறார். "எனக்கு அவள் வர வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் ஆசையை எழுதி வைத்தால் அது கட்டளை ஆகிவிடும்" என்கிறார்.

வீட்டில் இந்தக் கடிதத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. புறப்படுகிற பெண்ணிடம் கடன், ஜப்தி, சாவு என்று எழுதலாமா, நல்லதாக நாலு வார்த்தை போதாதா என்பது மருமகளின் கட்சி. பேத்திக்குமே முதலில் கனமாகத்தான் இருந்தது. "வீட்டுப் பத்திரம் விஷயம் எனக்குத் தெரியும். ஆனால் மாதம் எவ்வளவு என்று யாரும் சொன்னதில்லை. தெரியாமல் இருந்தபோதுதான் அதிகம் பயந்தேன்" என்கிறார் இப்போது.

போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குச் சரியாக அழைப்பு வந்தது. மதியம் ரொட்டியும் முட்டையும், தானே செய்தது. கையில் 40 நாளுக்குப் பணம் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதிலாக, பக்கத்து அறையில் இருக்கும் நைஜீரியப் பெண்ணின் பெயர் வந்தது. பாட்டி அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடிதத்தில் பேத்தி அதுவரை மூன்றாம் பக்கத்துக்குத்தான் வந்திருந்தார். அன்று இரவு கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார், அர்த்தம்தான் தெரியவில்லை. அந்தச் சொல் பிணை. பாட்டி அர்த்தத்தைச் சொல்லி, கூடவே ஒரு வரி சேர்த்தார்: "கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டாயே மக்களே, அது போதும்."